ஐந்து, நான்கு, ஒன்று

ரொறன்ரோவில் கலியாண வரவேற்புக்கு மண்டபம் பிடித்தால், மண்டபக்காரர் கேட்பது மேசைவாரியான தலைக்கணக்கு. வீட்டில் நாம் எழுதி வைத்திருப்பதோ குடும்பவாரிப் பட்டியல். "சித்தப்பா வீடு 4+1" என்று ஒரே கட்டத்தில் எழுதியிருப்போம். விரிதாளுக்கு அது எண்ணே அல்ல, வெறும் எழுத்து. கூட்டும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும், ஐந்து பேர் காணாமல் போவார்கள். ஆகவே பெயர், ஆட்கள், மேசை, சைவம், குழந்தை நாற்காலி என்று நிரல்களைப் பிரிப்பதுதான் முதல் வேலை. B நிரலில் ஆட்கள், C-யில் மேசை எண் இருந்தால் ஏழாம் மேசையின் கணக்கு இப்படி வரும்:

```
=SUMIF(C:C,7,B:B)
```

எல்லா மேசைகளின் கூட்டுத்தொகையும் B நிரலின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேசைக் கூட்டு குறைந்தால் யாருக்கோ மேசை எண் போடாமல் விட்டிருக்கிறோம். பிறகு ஒரே பட்டியலை இரண்டு விதமாக அடுக்கி இரண்டு தாள் எடுக்கலாம்: வாசலில் நிற்பவருக்குப் பெயர் வரிசையில், பரிமாறுபவர்களுக்கு மேசை வரிசையில்.

இதுவரை கணக்கு. இனித்தான் ஆட்களை உட்கார வைப்பது.

பத்துப்பேர் மேசைகள் இரண்டு மிச்சம். உட்கார வேண்டிய வீடுகளில் 5, 4, 4, 3, 3 பேர். கடைசி வரியில், தனியாக வரும் ஒரு மாமி: 1. கை தானாகவே பெரிய குடும்பங்களை முதலில் போடும், இடம் வீணாகாது என்பதால். ஒற்றை ஆள் எந்த ஓட்டையிலும் பொருந்துவார் என்று கடைசிவரை தள்ளிப்போடுவோம். பட்டியலில் மிகச் சுலபமான வரி அவருடையதுதான். மண்டபத்தில் மிகக் கஷ்டமான இரவும் அவருடையதாகலாம்: இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்க, அவர் மட்டும் மேடையையே பார்த்துக்கொண்டு இருப்பார்.

வீடுகளைப் பிரிக்காமல் இருபது பேரையும் நிரப்ப ஒரே வழிதான்: 5, 4, 1 ஒரு மேசை, 4, 3, 3 மற்றது. மாமியை வேறெங்கும் நகர்த்த முடியாது. ஆனால் நாலு பேர் வீடுகள் இரண்டு இருக்கின்றனவே! ஒன்று மாப்பிள்ளையின் வேலைத்தல நண்பர் குடும்பம். மற்றது மாமியின் ஊர்க்காரர், அடுத்த ஒழுங்கைக்காரர். எதைப் போட்டாலும் கூட்டு பத்துதான். சூத்திரம் இரண்டையும் சரி என்றே சொல்லும், மண்டபக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது. கணக்கு ஒன்றும் சொல்லாமல் விட்ட அந்த ஒரே இடத்தில்தான் விருந்து கொடுப்பவர் வருகிறார்.

அடுத்த ஒழுங்கை என்பதற்கு விரிதாளில் நிரல் இல்லை. பெண்ணின் அம்மாவிடம் கேட்டால் உடனே வரும்: "அவையோட விடு, கதைச்சுக்கொண்டு இருப்பா."

என்னைக் கேட்டால், தனியாக வருபவர்களின் வரிகளை முதலில் எடுத்து, யார் பக்கத்தில் என்று தீர்மானித்த பிறகே மற்ற வீடுகளைத் தொட வேண்டும். சில மேசைகளில் ஒரு நாற்காலி காலியாகும், மண்டபத்துக்கு மேலும் ஒரு மேசை சொல்ல வேண்டி வரலாம். அந்தச் செலவைப் பூ அலங்காரத்தில் குறைத்துக்கொள்ளலாம்.