ஆவணி அனுஷம்

என் கைபேசியில் அத்தையின் பிறந்தநாள் ஜூன் 1 என்று இருந்தது. அது பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் ஒரு கணக்குக்கு எழுதிய தேதி. அந்த நாளில் நான் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னால் அத்தை சிரிப்பார். அவருக்குப் பிறந்தநாள் என்றால் ஆவணி மாதத்து அனுஷம்தான். அன்று காலை கோயிலில் தன் பெயருக்கு அர்ச்சனை செய்வார்.

ஒரு வருடம் அந்த நாளில் திருநெல்வேலிக்குப் போயிருந்தேன். ஆவணி 21, செப்டம்பர் 6. ஊர் திரும்பியதும் அந்தத் தேதியைக் காலண்டர் செயலியில் பதிந்து, ஆண்டுதோறும் வரும்படியும் ஒரு வாரம் முன்னதாகவே நினைவூட்டும்படியும் வைத்தேன். புடவை வாங்கி அனுப்ப ஒரு வாரம் போதும்.

மறு ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று மணி அடித்தது. கடைக்குக் கிளம்பும் முன் அத்தையிடம் பேசினேன். பிறந்தநாள் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அத்தை குறையாக எதுவும் சொல்லவில்லை. அர்ச்சனைத் தேங்காயைச் சட்னி அரைத்ததாக மட்டும் சொன்னார். எனக்கு அது தாங்கவில்லை.

தவறு எங்கே என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர ஏறக்குறைய 27.3 நாள் ஆகிறது. பதின்மூன்று சுற்றுக்கு 355 நாள். ஆகவே அதே நட்சத்திரம் அடுத்த ஆண்டு சுமார் 10 நாள் முன்னதாக வந்துவிடும். 21இல் வந்த அனுஷம் 11க்கு நகர்ந்துவிட்டது. என் மணியோ பழைய தேதியை நம்பி 14ஆம் நாள் அடித்தது. அப்படி நகர்ந்துகொண்டே போய் மாதத்தைத் தாண்டினால், அடுத்த சுற்றில் மாதக் கடைசிக்கு வந்து சேரும். ஆண்டுதோறும் ஒரே தேதியில் அடிக்கும் மணியால் இதைப் பிடிக்கவே முடியாது.

இப்போது இரண்டு பதிவு வைக்கிறேன். முதலாவது ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10 அன்று வரும்: ‘பஞ்சாங்கம் பார், ஆவணி அனுஷம் என்று?’ ஆவணி பெரும்பாலும் ஆகஸ்ட் 17இல் பிறப்பதால், முதல் நாளே அனுஷமானாலும் ஒரு வாரம் கையில் இருக்கும். நாள் தெரிந்ததும், அதற்கு ஏழு நாள் முன்னால் அந்த ஆண்டுக்கு மட்டும் இரண்டாவது பதிவு. அதில் ‘பிறந்தநாள்’ என்று எழுதுவதில்லை. அன்று செய்ய வேண்டியதை எழுதுகிறேன்: ‘புடவை, இன்றே கூரியர்.’ நேரம் மாலை ஏழு. காலை ஒன்பது மணிக்கு வந்தால் அலுவலக அவசரத்தில் விரலால் தள்ளிவிட்டு மறந்துபோகிறேன். ரவிக்கையும் தைத்து அனுப்புவதென்றால் ஏழு நாள் போதாது. எங்கள் தையல்காரருக்கே பத்து நாள் வேண்டும்.

இந்த முறை பஞ்சாங்கத்தைத் திறந்தால், ஆவணி 1இலும் அனுஷம், 28இலும் அனுஷம். எது என்று தெரியாமல் அத்தையைக் கூப்பிட்டேன்.

“பின்னால வர்றதத்தான் எடுக்கணும். ஒங்க தாத்தா அப்படித்தான் பாப்பாவ” என்றார். தாத்தா பஞ்சாங்கம் பார்த்த கதை, தான் பிறந்த ராத்திரி பெய்த மழை என்று அரை மணி நேரம் பேசினார்.

வைக்கும்போது கேட்டார்: “இன்னும் ஒரு மாசம் இருக்கே. லீவு சொல்லிட்டு வந்துரேன்?”