பக்தவத்ஸலன் என்று பெயரிட்டால் எப்படி வாழ்த்துவது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சேரன்மகாதேவியில் தாமிரபரணிக் கரையில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானுக்கு பக்தவத்ஸலன் என்று திருநாமம். அவ்வூர்த் திருமாளிகை ஒன்றில், புதிதாய்ப் பிறந்த பேரனுக்கு அத்திருநாமத்தையே சாற்ற நிச்சயித்தார்கள். நாமகரணத்தன்று வாசிக்க ஒரு வாழ்த்து எழுதும்படி அடியேனை நியமித்தார்கள். "பேரோட அர்த்தம் அதுல வரணும் ஸ்வாமி" என்றார் பாட்டனார். எளிய காரியம் என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு கேள்வி வழிமறித்தது.

'பெயருக்கேற்ப விளங்குக' என்றே நாம் வழக்கமாக வாழ்த்துகிறோம். பக்தவத்ஸலன் என்றால் தன் அடியார்களிடம் வாத்ஸல்யம் உடையவன். அப்படி விளங்குக என்று ஒரு ஜீவாத்மாவை வாழ்த்தலாமா? தனக்கென்று அடியார்கள் இருக்க நினைப்பதே சேஷத்வத்துக்கு விரோதமன்றோ? ஸ்ரீநிவாஸன் என்று பெயரிட்டு, 'திருமகள் உன்னிடம் உறைக' என்பதும் இவ்வகையே. சொல்பவர் செல்வத்தை நினைத்து நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார். ஆனால் பிராட்டி உறையும் திருமார்பு ஒருவனுக்கே உரியது.

அப்படியானால் எம்பெருமான் திருநாமத்தைக் குழந்தைக்கு இடுவதே பிசகோ எனில், அன்று. பெரியாழ்வார் தம் திருமொழியின் நான்காம் பத்து, ஆறாம் திருமொழி முழுவதையும் இதற்கென்றே அருளிச்செய்திருக்கிறார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு வேறு பெயரிடுவோரை இழித்துரைத்து, அவன் திருநாமத்தையே இடச் சொல்லுகிறார். அங்கே பாசுரந்தோறும் பலனாக ஓதப்படுவது எது என்று பார்த்தால் நம் கேள்விக்கு வழி பிறக்கிறது. பிள்ளை என்ன ஆவான் என்பதன்று அது. அவனைப் பெற்ற தாய் நரகம் புகமாட்டாள் என்பதே. பெயரிடுபவளுக்கும் அழைப்பவளுக்குமே அந்தப் பெயர் முதலில் உதவுகிறது. டெபாசிட் ரசீதில் பெயர் எழுதப்பட்டவனே பணத்துக்கு உடையவன் என்று ஆயுளெல்லாம் பழகிய அடியேனுக்கு இது தலைகீழாகப் பட்டது. இங்கே பெயருக்கு உடையவன் பெருமாள். குழந்தை அதைத் தாங்கி நிற்கிறான், அவ்வளவே.

அந்தத் திருநாமத்துக்குள் குழந்தைக்கு இடமே இல்லையோ என்றால், உண்டு. வத்ஸம் என்பது கன்று. அன்று ஈன்ற பசு, கன்றின் உடம்பில் படிந்த வழும்பைத் தானே நக்கிப் போக்கும். அந்தக் கன்றின்மேலுள்ள பரிவால், முன் ஈன்ற கன்று அருகே வந்தாலும் முட்டித் தள்ளும். வாத்ஸல்யத்துக்கு நம் பூர்வாசார்யர்கள் காட்டிய த்ருஷ்டாந்தம் இதுவே. அடியார் குற்றத்தை போக்யமாகக் கொள்வதே வாத்ஸல்யம் என்பர் சிலர்; குற்றத்தைக் காணாமையே என்பர் வேறு சிலர். எப்படிக் கொண்டாலும், பிறந்து பதினொரு நாளான சிசுவுக்குப் பொருந்துவது கன்றின் ஸ்தானமே. குற்றம் செய்ய இது அநுமதியாகாதோ என்று கேட்கலாம். கன்று பசு நக்கவேண்டுமென்று சேற்றில் புரள்வதில்லை. வழும்பு அதன் பிறவியோடு வந்தது.

பட்டர் திருவவதார வ்ருத்தாந்தமும் இங்கே துணை செய்கிறது. ஸ்ரீவிஷ்ணுபுராணம் அருளிய பராசரரிடத்தில் நன்றி விளங்க வேண்டுமென்பது ஆளவந்தாரின் மனோரதங்களுள் ஒன்று. அதை நிறைவேற்ற எம்பெருமானார் கூரத்தாழ்வானுடைய குமாரருக்குப் பராசரர் திருநாமத்தைச் சாற்றினார். எம்பாரின் திருத்தம்பியார் குமாரருக்கு, இந்தப் பொருநைக் கரையில் அவதரித்த நம்மாழ்வாரின் பராங்குசன் என்னும் திருநாமத்தையும் அவ்வாறே இட்டார். அந்தப் பெயர்கள் குழந்தைகளின் எதிர்காலத்துக்குச் சொன்ன ஆரூடமல்ல. பெரியோர்களுக்குப் பட்ட கடனைத் தீர்த்த வகை. குழந்தையை எடுத்துவந்த எம்பாரோ, அதற்கு ரக்ஷையாக த்வயத்தை அநுஸந்தித்துக்கொண்டே வந்தார். 'நீ இப்படி ஆகுக' என்று ஒரு சொல்லும் அதில் இல்லை. 'இவன் உன் திருவடியில் கிடப்பவன்' என்பதே அந்த வாழ்த்தின் பொருள்.

ஆகவே முன் எழுதியதைக் கிழித்துவிட்டு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"குழந்தாய், உன்னை அழைப்பவர் ஒவ்வொருவர் நாவிலும் நம் ஊர்ப் பெருமாள் திருநாமம் ஏறுக. நீ அவனுக்குக் கன்றாயிரு. தடுமாறும் நாளில், திரும்பிச் செல்ல ஓர் இடம் உண்டென்று உன் பெயரே உனக்குச் சொல்லுக. அவன் எவரிடம் வாத்ஸல்யம் வைத்தானோ, அவர்களுக்கு நீ அடியனாயிரு. பஞ்சஸம்ஸ்காரம் பெற்று, இப்பெயரோடு ராமாநுஜ தாஸன் என்றும் சொல்லிக்கொள்ளும் நாள் உனக்கு வருக."

நாமகரணத்தன்று தாம்பாளத்து அரிசியில் பெயரெழுதி, வலக்காதில் ஓதி முடிந்ததும் இதை வாசித்தார்கள். ஆசீர்வாதம் ஆனபின் பாட்டியார், "கூப்பிட நீளமா இருக்கே, வத்ஸான்னு கூப்பிடட்டுமா?" என்றார். திருநாமம் முழுதும் வரவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். வத்ஸன் என்றால் கன்றுதானே என்று தோன்றவே அடங்கிவிட்டேன். காலையில் எழுப்பும்போது மட்டும் முழுப்பெயரையும் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன், அவரும் இசைந்தார்.

அடியேன் ராமாநுஜ தாஸன்