கைப்பழக்கம் சொல்லாகும்போது

சுங்கைப்பட்டாணி, பீடோங் தோட்டங்களில் பால்மரம் வெட்டுவதில் தேர்ந்தவரின் கைக்கு ஆழம் தெரியும். பட்டையை மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். கத்தி மரத்தைத் தொட்டால் காயம் விழும். பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது உட்பட்டையில்தான். வெட்டுக்கும் மரத்துக்கும் நடுவே சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைக்க வேண்டும்.

புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் நாளில்தான் அந்தக் கைப்பழக்கத்துக்குச் சொல் தேவைப்படுகிறது. கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது, எங்கே நிறுத்துவது என்று பிரித்துச் சொல்லும்போது, சொல்பவருக்கே தம் வெட்டு புதிதாகத் தெரிகிறது. அவசரத்தில் தாம் ஆழமாக இறக்கும் இடமும் கண்ணில் படுகிறது.

தம் நிரையை மட்டும் பார்த்தவர், மெல்ல அடுத்தவர் மரத்தையும் படிக்கப் பழகுகிறார். மறுவளர்ச்சிப் பட்டையில் முடிச்சு தென்பட்டால், அது பழைய காயத்தின் தடம். அப்படியொரு காயம் புது வெட்டிலும் விழுந்தால் கோபப்படாமல், புதியவரின் மணிக்கட்டைத் திருத்தி, மறுநாள் அதே மரத்துக்கு வந்து வெட்டைச் சரிபார்க்கிறார்.

மண்டோரின் அன்றாட வேலையும் இதுதான். பதவி வருவதற்கு முன்பே அந்த வேலை கற்றுக்கொடுப்பவர் கைக்கு வந்துவிடுகிறது.