ஐந்தாம் தேதிக்குள் இருபது

சாத்தான்குளத்தில் ஒரு சின்ன அலுவலகத்தை நான் நடத்துகிறேன். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கணக்குகளைச் சரிபார்த்து, மாத அறிக்கை தயாரித்து, வங்கிக் கடனுக்கு அவர்களைத் தயார்ப்படுத்துவதுதான் வேலை. என்னோடு மூன்று களப்பணியாளர்கள், ஒரு கணக்காளர். மூன்று களப்பணியாளர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவளுக்குப் பெயர் வேண்டாம். என்னை அக்கா என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். அந்த உறவுச்சொல்லே பின்னால் எனக்குத் தொல்லையாக வந்து நின்றது.

ஓர் ஆகஸ்ட் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "அந்தப் பொண்ணுக்கு ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதிக் குடுங்க மேடம். ஒரு மாசம் டைம். ஃபைல்ல பேப்பர் இருக்கணும்ல." கடைசி வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. பெரிய கம்பெனிகளில் பி.ஐ.பி. என்று சொல்லும் இந்தக் காகிதத்துக்கு இரண்டு உபயோகம் உண்டு. ஒருவரை வேலையில் நிலைநிறுத்த எழுதலாம்; அனுப்புவதென்று முடிவெடுத்துவிட்டு, அதற்குச் சாட்சியாகவும் எழுதலாம். இரண்டுக்கும் ஒரே படிவம்தான். கையில் வாங்குகிறவளுக்கு எது தன்னுடையது என்று தெரியாது. எழுதுகிறவளுக்கு மட்டும் தெரியும்.

அன்று ராத்திரியே முதல் பிரதியை எழுதினேன். 'பணியில் அக்கறை காட்ட வேண்டும். அறிக்கைகளை உரிய காலத்தில் தர வேண்டும். குழு உறுப்பினர்களிடம் நல்லுறவு பேண வேண்டும். 30 நாளில் முன்னேற்றம் இல்லையேல் நடவடிக்கை எடுக்கப்படும்.' காலையில் வாசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அக்கறையை எப்படி எண்ணுவது? முப்பதாம் நாள் 'அக்கறை வந்துவிட்டது' என்று யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். அப்படியானால் அந்த ஒரு மாதமும் அவள் குழு வேலையைச் செய்யமாட்டாள், என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பெண்களுக்கு இது பழகிய வேலை. மாமியார் முகம், புருஷன் முகம், அப்புறம் அதிகாரியின் முகம். 'பொறுப்பில்லை', 'ஒட்டுதல் இல்லை', 'எதிர்த்துப் பேசுகிறாள்' என்று வீட்டில் நம்மை அளந்த சொற்களையே நான் டைப் செய்து வைத்திருந்தேன்.

பிரதியைக் கிழித்துவிட்டு மே, ஜூன், ஜூலை மாத ரிஜிஸ்தர்களை எடுத்து வைத்து எண்ணினேன். அவளிடம் 22 குழுக்கள். ஒவ்வொரு குழுவின் அறிக்கையும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் வர வேண்டும். மே மாதத்துக்கு 12 வந்தன, ஜூனுக்கு 11, ஜூலைக்கு 9. ஜூலையில் பிந்திய 13 குழுக்களைப் பெயர் பெயராகப் பிரித்தேன். ஒன்பது குழுக்கள் தட்டார்மடம், படுக்கப்பத்து பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களைச் சேர்ந்தவை. மற்ற நான்கும் ஊருக்குள்ளேயே, நடந்து போகிற தூரம்.

தேரிப் பக்கம் அந்த மாதங்கள் பனைக் காலம். பதநீர் காய்ச்சுகிற பெண்களால் பகலில் அடுப்பை விட்டு நகர முடியாது. கூட்டம் கூட ஆறரை ஆகும், முடிய எட்டாகும். எட்டுக்குப் பிறகு அங்கிருந்து திரும்ப பஸ் கிடையாது. அவளுக்கு முன் அந்த ஊர்களைப் பார்த்தவர் ஓர் ஆண், பைக் வைத்திருந்தார். மாதம் 22 அறிக்கை என்ற அளவு அவரை வைத்து வந்தது. பைக்கும் பயமில்லாத ராத்திரியும் அந்த அளவுக்குள் சேர்ந்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. ஆனால் ஊருக்குள் இருக்கும் நான்கு குழுக்களுக்கு பஸ்ஸைக் காரணம் சொல்ல முடியாது. அது அவள் தவறு. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்து கணக்குப் பிழைகள். சேமிப்பு லெட்ஜரும் ரொக்கப் புத்தகமும் சுத்தமாக இருந்தன. பிழை முழுவதும் கடன் லெட்ஜரில், அதுவும் ஒரே மாதிரியான பிழை. ஒரு பெண் குழுவிலிருந்து 10,000 ரூபாய் கடன் வாங்குகிறாள். மாதம் 1,000 அசல், மீதிக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. முதல் மாதம் 1,100 கட்டுகிறாள். 1,000 அசலில் கழிய வேண்டும், 100 வட்டி வரவாக ஏற வேண்டும், மீதிக் கடன் 9,000. இவள் 1,100-ஐயும் அசலில் கழித்து மீதி 8,900 என்று எழுதியிருந்தாள். குழுவின் நூறு ரூபாய் வருமானம் புத்தகத்திலிருந்து காணாமல் போய்விடுகிறது. வங்கியில் கணக்குப் பார்க்கும்போது ரொக்கப் புத்தகமும் லெட்ஜரும் ஒத்துப்போகாது, பத்துப் பன்னிரண்டு பெண்களுடைய கடன் விண்ணப்பம் திரும்பிவிடும். அதனால்தான் 'பாவம், விட்டுவிடலாம்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இரக்கத்துக்கான செலவை அந்தக் குழுப் பெண்கள் கட்ட வேண்டியிருக்கும்.

கவனக்குறைவென்றால் பிழை எல்லாப் புத்தகத்திலும் சிதறிக் கிடக்கும். ஒரே இடத்தில் ஒரே பிழை வந்தால் சொல்லிக்கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். (பணம் குறைந்திருந்தால் கதை வேறு. அதற்கு விசாரணைதான், மேம்பாட்டுத் திட்டம் அதற்குரிய காகிதம் அல்ல. இரண்டையும் ஒரே தாளில் குழப்பினால் திருட்டும் அறியாமையும் ஒன்றாகிவிடும். இங்கே ஒரு பைசா குறையவில்லை.)

கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். "வட்டியத் தனியா எழுதணும்னு தெரியாதா தங்கச்சி?"

"தெரியாதுக்கா. மொத மாசமே கேக்கணும்னு நெனச்சேன். இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தேன்னு நீங்க கேட்டுட்டா?"

"ஊருக்குள்ள இருக்க நாலு குழு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு ஊக்குநரு எல்லாரு முன்னாலயும் ஏசுதாங்க. அதான் தள்ளிப் போட்டுட்டேன்."

ஏழு மாதமாக அவள் வேலையில் குறை இருப்பது எனக்குத் தெரியும். ஒருநாளும் நேராகச் சொன்னதில்லை. அவள் வைத்த பிழையை நானே திருத்தி அனுப்பியிருக்கிறேன். அதை அன்பென்று நினைத்திருந்தேன். அக்கா தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொள்ளும் இடத்தில் குறையைச் சொல்வது கல்மிஷமாகத் தெரியும், சொல்லாமல் இருப்பது பெருந்தன்மையாகத் தெரியும். உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி 1989-இல் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டாக்டர் சுமதி ஷேரே என்ற பெண் மருத்துவர் ரயில்வேயில் தற்காலிக மருத்துவராக இருந்தார். வேலை திருப்தியில்லை என்று நிறுத்தினார்கள். குறை இருந்தால் முன்னதாகவே சொல்லியிருக்க வேண்டும், சொன்னால்தானே ஒருவர் திருத்திக்கொள்ள முடியும், சொல்லாமல் ஒருநாள் திடீரென்று அனுப்புவது தன்னிச்சையான செயல் என்பது நீதிமன்றத்தின் நிலை. அரசு வேலையைப் பற்றிய தீர்ப்பு அது. எங்களைப் போன்ற தனியார் அலுவலகத்தை அப்படியே கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாசித்தபோது என் மௌனம் நினைவுக்கு வந்தது. ஏழு மாதம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு எட்டாவது மாதம் காகிதம் நீட்டுவதற்கு நான் தயாராக இருந்தேன்.

புதுப் பிரதியில் காலத்தை முதலில் மாற்றினேன். எங்கள் வேலை மாதத்துக்கு ஒருமுறை சுற்றி வருவது. 30 நாள் கொடுத்தால் ஒரே ஓர் அறிக்கைதான் வரும், ஒரு காய்ச்சலில் அது கெட்டுப்போகும். செப்டம்பர் 1 முதல் மூன்று மாதம் என்று வைத்தேன். இலக்கை எங்கே வைப்பது என்பதற்கு மற்ற இரண்டு பேருடைய கணக்கையும் எடுத்தேன். ஒருவர் 22-க்கு 20, இன்னொருவர் 21-க்கு 19. அவர்களிடம் கேட்காத 22-ஐ இவளிடம் கேட்கக் கூடாது. அக்டோபர் 5-இல் 14, நவம்பர் 5-இல் 18, டிசம்பர் 5-இல் 20. கடன் லெட்ஜருக்கு, சீட்டுக் குலுக்கி எடுக்கும் ஐந்து புத்தகத்தில் ஒரு பிழைக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி இருவரும் உட்கார்ந்து பார்ப்பது. 7-ஆம் தேதி ஆச்சரியம் எதுவும் வந்துவிடாதபடி சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம்.

உதவி என்ற தலைப்பின் கீழ் 'தேவையான ஒத்துழைப்பு வழங்கப்படும்' என்று எழுதுவது வழக்கம். அந்த வரிக்கு ஆள் இல்லை, தேதி இல்லை. நான் இப்படி எழுதினேன்: கணக்காளர் செப்டம்பர் 10, 17 இரண்டு நாள் மதியம் கடன் லெட்ஜர் சொல்லிக்கொடுப்பார். தேரிப் பக்கம் போகும் நாட்களில் திரும்பி வர ஆட்டோ வாடகையை அலுவலகம் கொடுக்கும். ஏசுகிற இரண்டு ஊக்குநர்களின் கூட்டத்துக்கு முதல் மாதம் நானும் கூட வருவேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'இதில் எந்த உதவியாவது குறித்த நாளில் தரப்படவில்லையென்றால், அந்த மாத இலக்கு கணக்கில் எடுக்கப்படாது.' தலைமை அலுவலகம் அந்த வரியை எடுக்கச் சொன்னது. "நம்மள நாமே கட்டிப் போடுத மாதிரி இருக்கே மேடம்" என்றார்கள். அவளை மட்டும் கட்டிப் போடுகிற காகிதம் என்றால் அதற்குத் திட்டம் என்ற பெயர் எதற்கு என்று கேட்டேன். அரை மனதோடு விட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் இலக்கு எட்டவில்லையென்றால் வேறு பணிக்கு மாற்றலாம், இல்லையேல் முறையான நோட்டீஸோடு வேலை முடியும் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அதை வாசித்தபோது அவள் கை நடுங்கியது. அந்த வரியை எடுத்திருந்தால் நடுங்கியிருக்காது. ஆனால் அது பொய்யாக இருந்திருக்கும்.

எழுதாமல் விட்டதும் உண்டு. வீட்டில் நடப்பதை அவள் என்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறாள். பெண் அதிகாரி என்பதால் கிடைக்கிற நம்பிக்கை அது. அதில் ஒரு வார்த்தை கோப்பில் ஏறினால், நாளைக்கு நான் இல்லாதபோது யாரோ எடுத்து வாசித்து, 'குடும்பப் பிரச்சினை உள்ள பெண்' என்று முடிவு கட்டுவார்கள்.

அக்டோபரில் 12 வந்தன, இலக்கு 14. ஆனால் செப்டம்பர் 17 அன்று கணக்காளர் லீவு, இரண்டாவது வகுப்பு நடக்கவில்லை. ஆட்டோ பணம் 20-ஆம் தேதிதான் வந்தது. என் கையெழுத்தில், 'உதவி தரப்படவில்லை, இம்மாதம் கணக்கில் இல்லை' என்று எழுதினேன். நவம்பரில் 17. டிசம்பரில் 19. லெட்ஜரில் ஐந்துக்கு ஒரு பிழை, அதுவும் கூட்டல் பிழை.

பத்தொன்பது! இருபதாக இருந்திருந்தால் எனக்கு வேலை இல்லை. அவளை அனுப்ப நினைத்திருந்தால் 19 போதும், வைத்துக்கொள்ள நினைத்திருந்தாலும் 19 போதும். யார் மனமும் முடிவு செய்யக் கூடாது என்றுதான் எண்ணாக எழுதினேன், கடைசியில் அது என் மனத்துக்கே திரும்பி வந்து நின்றது. இலக்குக்குப் பக்கத்தில் வந்தால் என்ன செய்வது என்று முன்னமே எழுதாதது என் குறை. அதோடு பனைக் காலமும் முடிந்திருந்தது, தேரிப் பெண்கள் பகலிலேயே கூடினார்கள். 9-இலிருந்து 19-க்கு வந்ததில் எவ்வளவு அவள் உழைப்பு, எவ்வளவு ஆட்டோ, எவ்வளவு பருவம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. வராத மூன்றில் இரண்டு, 6-ஆம் தேதி காலை வந்துவிட்டன. ஒரு மாதம் எங்கள் தவறால் கெட்டது. அந்த இரண்டையும் காரணமாக எழுதி, திட்டம் நிறைவேறியது என்று முடித்தேன். அடுத்த பனைக் காலத்துக்கும் ஆட்டோ வாடகை வேண்டும் என்று தனிக் கடிதம் வைத்தேன். அது மூன்று களப்பணியாளருக்கும் பொது.

முடிவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கேட்டாள்: "யக்கா, இந்தப் பேப்பரு எப்பம் ஃபைல்ல இருந்து போவும்?"

எனக்குத் தெரியவில்லை. தலைமை அலுவலகத்திலும் தெரியவில்லை, அப்படி ஒரு கேள்வி இதுவரை வந்ததில்லை என்றார்கள். மறுநாள் அடுத்த மார்ச் 31 என்று ஒரு தேதியை நானே எழுதி அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.