தப்பு ஷீட்டில் இருக்கிறது, தலைகுனிவது நீங்களா?

"எனக்கு எக்செல் வராது சார்" என்று சொல்லி விளம்பர ரிப்போர்ட்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டு ஒதுங்கி நிற்கிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். காசு உங்களுடையது. அது எங்கே போனது என்று சொல்ல இன்னொருவர் எதற்கு? அந்த ஷீட்டில் கிடக்கும் குழப்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் மிரட்டும் சக்தி அதற்கு இல்லை.

சென்னிமலையில் பெட்ஷீட் விற்கும் ஒரு கடை, 2025 மார்ச்சில் ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 16ஆம் தேதி வரையிலான கணக்கை ஏஜென்சி அனுப்பியது. 15 முதல் 31 வரை கடைக்காரரே இறக்கினார். இரண்டையும் ஒரே ஷீட்டில் ஒட்டிப் பிவட் போட்டால், மார்ச் விளம்பரத்துக்கு ஜனவரியிலும் செலவு, டிசம்பரிலும் செலவு! அந்த இடத்தில்தான் பலர் லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். அந்த டிசம்பர்தான் உங்களுக்குக் கிடைத்த துப்பு.

ஏஜென்சியின் ஃபைலில் தேதி அமெரிக்க முறையில், மாதம் முதலில் வருகிறது: 03/01/2025, 03/02/2025 என்று. உங்கள் கணினியோ நாளை முதலில் படிக்கும் இந்திய அமைப்பில் இருக்கிறது. ஆகவே மார்ச் 1ஐ அது ஜனவரி 3 என்று படிக்கிறது, மார்ச் 12ஐ டிசம்பர் 3 என்று. 03/13/2025 வந்ததும் திகைத்து நிற்கிறது, ஏனென்றால் பதிமூன்றாம் மாதம் கிடையாது. அதைத் தேதியாக மாற்றாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. மொத்தம் 16 நாட்களில் கடைசி 4 நாள் எழுத்தாகக் கிடக்கும், 11 நாள் வேறு மாதங்களுக்கு ஓடிப்போயிருக்கும். 03/03 ஒன்றுதான் தற்செயலாகச் சரியாக நிற்கும்.

எழுத்தாகக் கிடப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது செல்லின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பக்கத்துக் காலத்தில் இழுத்துவிட்டால் FALSE என்றும் வரும்:

```
=ISNUMBER(A2)
```

ஆபத்து அந்த 11 நாட்களில்தான். அவை TRUE சொல்லிக்கொண்டு ஒழுங்கான தேதிபோல் உட்கார்ந்திருக்கும். அதனால் முதலில் மிகச் சிறிய தேதி எது, மிகப் பெரிய தேதி எது என்று பாருங்கள். மார்ச் 1 முதல் 31 வரைக்குள் அவை அடங்கவில்லை என்றால், ஒட்டிய ஷீட்டைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். மூல ஃபைலுக்குத் திரும்புங்கள். CSV ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காமல், Data > From Text/CSV வழியாக உள்ளே கொண்டுவந்து Transform Data அழுத்துங்கள். எக்செல் தானாகச் சேர்த்த Changed Type என்ற படியை முதலில் நீக்குங்கள். பிறகு தேதிக் காலத்தில் ரைட் கிளிக் செய்து Change Type > Using Locale போய், Date என்றும் English (United States) என்றும் கொடுங்கள். பதினாறு நாளும் மார்ச்சுக்குத் திரும்பிவிடும்.

அங்கே இருக்கும்போதே இன்னொரு வேலை. செலவு, ஆர்டர் காலங்களை Decimal Number ஆக்குங்கள், விளம்பர ஐடி காலத்தை இரண்டு ஃபைலிலும் Text ஆக்குங்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். ஃபேஸ்புக் விளம்பர ஐடி அதைவிட நீளமாகவே வருகிறது. கடைசி இலக்கங்களில் மட்டும் வேறுபடும் இரண்டு விளம்பரங்கள் ஒன்றாகிவிட்டால், அடுத்து டூப்ளிகேட் நீக்கும்போது நல்ல வரியையே வெட்டி எறிவீர்கள்.

இப்போது டூப்ளிகேட். 15, 16 தேதிகள் இரண்டு ஃபைலிலும் இருக்கின்றன. Remove Duplicates அழுத்துகிறீர்கள், ஒரு வரிகூடப் போகவில்லை. ஏன்? 17ஆம் தேதி ஏஜென்சி இறக்கியபோது 16ஆம் தேதிக்கு 4 ஆர்டர். மாத முடிவில் நீங்கள் இறக்கியபோது அதே தேதிக்கு 6. விளம்பரத்தை 16ஆம் தேதி சொடுக்கியவர் 19ஆம் தேதி வாங்கினாலும், அந்த ஆர்டர் 16ஆம் தேதி கணக்கில்தான் ஏறும். எண் மாறிவிட்டதால் எக்செல் கண்ணுக்கு அவை இரண்டும் வேறு வேறு வரிகள். எனவே முழு வரியையும் ஒப்பிடாமல், ஒரு வரியை அடையாளம் காட்டும் விஷயங்களை மட்டும் சேர்த்து ஒரு சாவி செய்யுங்கள். A தேதி, B ஐடி என்றால்:

```
=TEXT(A2,"yyyy-mm-dd")&"|"&B2
```

வயது, பாலினம் என்று பிரித்து எக்ஸ்போர்ட் செய்திருந்தால் அந்தக் காலங்களையும் சாவியில் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளின் ஆண், பெண் வரிகள் டூப்ளிகேட் என்று பலியாகும். சாவி இரண்டு முறை வரும் இடத்தில் பின்னால் இறக்கிய வரியை வைத்துக்கொண்டு பழையதை நீக்குங்கள். இதைவிட நல்ல வழியும் உண்டு. கணக்கைத் திறக்கும் உரிமை உங்களிடம் இருந்தால், மாதம் முடிந்து ஒரு வாரம் பொறுத்து 1 முதல் 31 வரை ஒரே ஃபைலாக இறக்கிவிடுங்கள். ஒட்டும் வேலையே மிச்சம்.

அடுத்தது காலி செல்கள். எல்லாவற்றையும் பூஜ்யத்தால் நிரப்பு என்று சொல்பவரை நம்பாதீர்கள், அப்படியே விடு என்பவரையும் நம்பாதீர்கள். ஒரு விளம்பரம் 10 நாள் ஓடியது, நாளுக்கு ₹500. நான்கு நாள் மட்டும் தலா 5 ஆர்டர் வந்தது, மற்ற ஆறு நாளும் ஆர்டர் செல் காலி. AVERAGE காலி செல்லைக் கண்டுகொள்ளாது, நாளுக்குச் சராசரி 5 ஆர்டர் என்று சொல்லும். உண்மை 2. ஓர் ஆர்டருக்கான செலவுக் காலத்துக்குச் சராசரி போட்டால் ₹100 என்று இனிக்கும். உண்மையில் ₹5,000 கொடுத்து 20 ஆர்டர் வாங்கியிருக்கிறீர்கள், ஒன்றுக்கு ₹250. ஆகவே செலவு ஓடிய நாளில் ஆர்டர் காலி என்றால் 0 போடுங்கள். ஆர்டருக்கான செலவுக் காலத்தில் 0 போடவே போடாதீர்கள், ஆர்டரே இல்லாத நாளில் அது இலவசமாக வந்ததுபோல் ஆகிவிடும். அந்தக் காலத்தை அழித்துவிட்டு, மொத்தச் செலவை மொத்த ஆர்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். செலவுக் காலமே காலி என்றால் ஊகிக்க வேண்டாம், விளம்பரக் கணக்கில் போய்ப் பாருங்கள்.

கடைசிச் சோதனையில்தான் உங்கள் தைரியம் பிறக்கிறது. விளம்பரக் கணக்கின் திரையில் மார்ச் 1 முதல் 31 வரை மொத்தச் செலவு எவ்வளவு என்று பாருங்கள். நாளுக்கு ₹1,000 வீதம் ₹31,000 என்று கொள்வோம். உங்கள் ஷீட் ₹33,000 காட்டினால் அந்த இரண்டு நாள் இன்னும் ஒளிந்திருக்கிறது. ₹66,000 காட்டினால் அதோடு, ஃபைல்களில் ஒட்டியிருந்த மொத்தத் தொகை வரிகளையும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள். குறைந்தால் நல்ல வரி எதையோ வெட்டியிருக்கிறீர்கள். தேதியைக் காப்பாற்ற இந்தச் சோதனை உதவாது, நாட்கள் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. அதனால்தான் தேதியை முதலில் பிடிக்கச் சொன்னேன்.

இரண்டும் ஒத்துவந்த பிறகு ஏஜென்சிக்காரரை எதிரே உட்காரவையுங்கள். ஓர் ஆர்டர் ₹100தான் விழுகிறது என்று அவர் சொன்னால், "இல்லை, ₹250" என்று நேராகச் சொல்லி உங்கள் ஷீட்டை அவர் பக்கம் திருப்புங்கள்.