முப்பதாம் தேதிக் கடை

அண்ணாச்சி, தச்சநல்லூரில் கடை வைத்திருக்கும் உங்களிடம்தான் கேட்கிறேன். மாதத்தின் முதல் வாரத்தில் நிரம்பியிருக்கும் அலமாரி, முப்பதாம் தேதி ஏன் பல் விழுந்த வாய்போல் நிற்கிறது? வியாபாரம் மந்தம் என்று சொல்லாதீர்கள். சரக்கு வைக்கும் சக்தி உங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது. அதைத் திருப்பி வாங்க உங்களால் முடியும். ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள்.

ஒரு மளிகைக் கடையை வைத்துப் பார்ப்போம். தினம் 6,000 ரூபாய் விற்பனை. அந்தச் சரக்கின் கொள்முதல் 5,400, லாபம் 600. அது வீட்டுச் செலவுக்குப் போய்விடுகிறது. சொந்த முதல் 60,000 ரூபாய். மொத்தக் கடைக்காரர் 10 நாள் தவணை தருகிறார். அப்படியானால் அவருடைய பணம் 54,000 எப்போதும் உங்கள் கடையில் சரக்காக இருக்கும். இரண்டும் சேர்ந்து 1,14,000 ரூபாய்ச் சரக்கு, அதாவது 21 நாள் விற்பனைக்கானது. அலமாரி நிறைந்திருப்பது இதனால்தான்.

இப்போது பற்று நோட்டைத் திறங்கள். விற்பனையில் பத்தில் மூன்று பங்கு, சம்பளம் வந்ததும் தருகிறோம் என்பவர்களுக்குப் போகிறது. மாதக் கடைசியில் அதில் முடங்கும் கொள்முதல் பணம் 48,600. மீதியிருக்கும் சரக்கு ஏறக்குறைய 65,000 ரூபாய்க்குத்தான். 21 நாள் சரக்கு 12 நாளாகச் சுருங்கிவிட்டது! அந்த நேரம் பார்த்து மொத்தக் கடைக்காரர் தவணையை நிறுத்தினால் உங்களிடம் நிற்பது 11,400 ரூபாய்ச் சரக்கு. இரண்டே நாள்! கடை யாருடைய பிடியில் இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

கடனுக்கு வாங்குவது குற்றமே இல்லை. 10 நாள் தவணையில் வாங்கிய அரிசி ஆறு நாளில் விற்றுப்போனால், அவர் பணத்தில் நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள். அதே தவணையில் வாங்கிய பொருள் நாற்பது நாள் தூங்கினால், பதினோராம் நாளிலிருந்து உங்கள் அரிசிப் பணம் அதற்குத் தண்டம் கட்டுகிறது.

இங்கேதான் ஸ்கீம் உங்களை வீழ்த்துகிறது. லைனுக்கு வரும் சேல்ஸ்மேன், “48 பாக்கெட் எடுங்க அண்ணாச்சி, 2 இனாம்” என்கிறார். பாக்கெட் 50 ரூபாய், பில் 2,400. வாரம் 12 பாக்கெட்தான் உங்களிடம் போகும். அடுத்த வாரம் பில்லுக்கு பில் பணம் கேட்டு அவர் வந்து நிற்கும்போது, விற்ற பாக்கெட்டுகளின் கொள்முதல் 600 ரூபாய். மீதி 1,800 எங்கிருந்து வரும்? பருப்பும் எண்ணெயும் விற்ற பணத்திலிருந்து. இப்படிப் பத்து ஸ்கீம் எடுத்தால் 18,000 ரூபாய் முடங்கும். பருப்பு வாங்கப் பணமில்லாமல் தண்டலுக்குப் போவீர்கள்: கையில் 18,000, தினம் 200 வீதம் 100 நாளில் 20,000 கட்ட வேண்டும். ஸ்கீமில் கிடைத்தது 1,000 ரூபாய், தண்டலுக்குக் கொடுத்த வட்டி 2,000. தினசரி லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு நூறு நாளைக்குப் போய்விடும். இதற்கா விடியற்காலையில் ஷட்டரைத் தூக்குகிறீர்கள்?

நிமிர்ந்து நின்று, “வாரம் பன்னிரண்டுதான் போகும், பன்னிரண்டு போடுங்க” என்று சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உங்கள் கடையின் ஓட்டம் உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. டவுன் மொத்தக் கடைகளும் நயினார்குளம் மார்க்கெட்டும் உங்களுக்குப் பக்கம். வாரம் இருமுறை போய் வாங்கக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, மலையோரக் கிராமத்துக் கடைபோல ஒரு மாதச் சரக்கை ஏன் கடனில் குவிக்கிறீர்கள்?

தவணை விலையையும் ரொக்க விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். ரொக்கத்துக்கு ஒன்றரை சதவீதம் குறைவு என்றால், அந்த 10 நாள் தவணைக்கு நீங்கள் கொடுக்கும் வட்டி அது. 50,000 ரூபாய்க்கு மாதம் மூன்று சுற்றில் 2,250 ரூபாய். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை ஈடு இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 500 ரூபாய்தான். அசலையும் மாதாமாதம் கட்ட வேண்டும் என்பதால், அந்தப் பணத்தைக் கல்யாணத்துக்கோ கொடைக்கோ தொடவே கூடாது. ரொக்க விலையில் வித்தியாசமே இல்லை என்றால் தவணையை விடாதீர்கள், முழுசாகப் பயன்படுத்துங்கள்.

இன்று இரவு கடையைச் சாத்துமுன் பொருள் பொருளாக எழுதுங்கள்: எத்தனை நாளில் விற்கும், எத்தனை நாளில் பில் கட்ட வேண்டும். முதல் எண் பெரிதாக இருக்கும் பொருளுக்குச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். நாளை சேல்ஸ்மேன் வரும்போது அந்தத் தாளை மேசைமேல் விரித்து வையுங்கள்.