கேட்கும் தூரம்

செவித்திறன் குறைந்தவருக்கு, நூறு பேர் நின்றபடி பேசும் தொழில் சந்திப்பைவிட ஆறு பேர் அமரும் வட்டமேசை அதிகப் பயன் தரும். காரணம் ஒலியின் இயல்பில் இருக்கிறது. காதுக் கருவி பேச்சை மட்டும் தனியே பிரித்தெடுத்துத் தருவதில்லை. சுற்றியுள்ள இரைச்சலையும் ஓரளவு சேர்த்தே பெருக்குகிறது. பேசுபவர் ஓரிரு மீட்டருக்குள், முகத்தில் வெளிச்சம் விழ, எதிரே இருந்தால் சொல் தெளிகிறது. தூரம் கூடக்கூட இரைச்சல் அதை விழுங்குகிறது. ஆகவே, யார் வருகிறார்கள் என்று பார்க்கும் முன், எப்படி உட்கார வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

வசதி கேட்டால் சுமையாக நினைப்பார்களே என்ற தயக்கம் எழலாம். "எனக்குச் சரியாகக் கேட்காது" என்று மட்டும் சொன்னால், என்ன செய்வதென்று அமைப்பாளர்தான் யோசிக்க வேண்டும். சுமை அங்கேதான் பிறக்கிறது. "ஒலிபெருக்கியிலிருந்து விலகி, சுவரை ஒட்டிய இருக்கை வேண்டும், கேள்வி கேட்பவரும் மைக்கில் பேசட்டும்" என்று ஒரு வாரம் முன்பே எழுதினால், அது ஒரு நாற்காலியை நகர்த்தும் வேலை. கடைசி நேரத்தில் கேட்டால், அதே நாற்காலியிலிருந்து இன்னொருவரை எழுப்ப வேண்டியிருக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பார்வை குறைந்தவருக்கும் இதே கணக்குதான். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், இத்தகைய நியாயமான ஏற்பாட்டை மறுப்பதைப் பாகுபாடு என்றே சொல்கிறது.

குறையை விளக்க வேண்டாம், தேவையைச் சொல்லுங்கள்.